என் வீட்டில் நான் எங்கே உட்காருவது?

கேள்வி: எனக்கு வயது 60. ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவின் தலைவராக இருந்து ஏழு மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. இப்போது காலையில் கண் விழித்தால் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. என் மனைவி வேலைக்குப் போனதில்லை, வீட்டைப் பார்த்துக்கொண்டவள். 33 வருடத்தில் நாங்கள் இவ்வளவு சண்டை போட்டதில்லை. போன வாரம் சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து, அளவுவாரியாக அடுக்கி, லேபிள் ஒட்டி வைத்தேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "என்னை நிம்மதியா இருக்கவே விடமாட்டீங்களா" என்று அழுதுவிட்டாள். போனில் பேசுகிறவளிடம் யார் என்று கேட்டால் கோபம், வெளியே கிளம்பும்போது எங்கே என்று கேட்டால் கோபம். கூடத்தில் உட்கார்ந்தாலும் இடைஞ்சல், உள்ளே போய்ப் படுத்தாலும் இடைஞ்சல். 40 பேரை வேலை வாங்கியவன், என் வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறேன். சில நாள் நான் இருந்து யாருக்கு என்ன பயன் என்றுகூடத் தோன்றுகிறது. அவளுக்கு என்னதான் பிரச்சினை?

பதில்:

சார், மற்றதெல்லாம் அப்புறம். ‘நான் இருந்து யாருக்கு என்ன பயன்’ என்ற அந்த வரியை முதலில் பேசிவிடலாம். ஓய்வு பெற்றவர்கள் பலர் ஏறக்குறைய இதே வார்த்தைகளைச் சொல்கிறார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு அதன் அர்த்தம், செய்வதற்கு வேலை இல்லை, என்னைத் தேடி யாரும் வருவதில்லை என்பதுதான். ஆனால் சிலருக்கு அதற்கு அடியில் மனச்சோர்வு நோய் இருக்கும். அது நோய், அதை நான் எழுதப்போகும் யோசனைகளால் சரிசெய்ய முடியாது. அதனால் உங்களையே கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு வாரத்தில், பெரும்பாலான நாட்களில், முன்பு பிடித்த எதிலுமே நாட்டம் இல்லாமல் இருந்ததா? விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து அதற்குமேல் தூக்கம் பிடிக்காமல் போகிறதா? சாப்பாடு குறைந்து இடுப்புத் துணி தளர்ந்திருக்கிறதா? குடிக்கும் பழக்கம் இருந்தால் அதன் அளவு கூடியிருக்கிறதா? நல்ல செய்தி வந்தாலும் மனம் அசையவே இல்லையா? இதில் இரண்டு மூன்றுக்கு ஆமாம் என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடும் பி12 குறைபாடும் இதே சோர்வைக் கொண்டுவரும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள், செய்துகொள்ளுங்கள். இந்த வயது ஆண்கள் ‘மனசு சரியில்லை’ என்று வாயைத் திறந்து சொல்வது குறைவு, எரிச்சலாகவும் உடம்பு வலியாகவும்தான் அது வெளியே வரும். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒருமுறையாவது வந்திருந்தால் இன்றைக்கே உங்கள் மனைவியிடமோ வேறு ஒருவரிடமோ அதை அப்படியே சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள்.

அப்படி இல்லை, நண்பர் யாராவது கூப்பிட்டால் போகிறேன், சிரிக்கிறேன், தூங்குகிறேன், வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் இப்படி இருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

அந்த டப்பாக்களை அவர் எப்படி வைத்திருந்தாரோ அப்படியே திரும்ப வைக்க அவரிடமே கேட்டு உதவுங்கள். லேபிளையும் பிய்த்துவிடுங்கள். உங்களுக்கு அலமாரி ஒழுங்கில்லாமல் தெரிந்ததற்குக் காரணம், அதில் ஒரு ஒழுங்கு ஏற்கெனவே இருந்தது, அது அளவை வைத்து இல்லை என்பதுதான். தினமும் நாலுமுறை எடுப்பது கை எட்டும் இடத்தில், வாரம் ஒருமுறை எடுப்பது மேல் தட்டில், ஈரக்கையால் தொடக்கூடாதது அடுப்பைவிட்டுத் தள்ளி, இப்படி அவர் பல வருடமாக ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்திக் கொண்டுவந்த ஒழுங்கு அது, பார்க்காமலேயே கை போய் எடுத்துக்கொண்டு வரும். நீங்கள் பொறுப்பாக இருந்த பிரிவில் கருவிகள் மாட்டியிருக்கும் பலகையை, தலைமை அலுவலகத்தில் இருந்து வந்த ஒருவர் நீங்கள் இல்லாத நேரத்தில் நீள வாரியாக மாற்றி மாட்டிவிட்டு, பாராட்டுக்காகக் காத்து நின்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ஆனால் அவர் அழுதது டப்பாவுக்காக மட்டும் இல்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள், ‘நிம்மதியா இருக்க’ விடுவதில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார், சாமானைக் கலைத்துவிட்டீர்கள் என்று சொல்லவில்லை.

அவருக்கு என்னதான் பிரச்சினை என்று கேட்டீர்கள். நீங்கள் ஓய்வு பெற்ற அன்று அவரும் ஒன்றை இழந்தார், அதுதான் பிரச்சினை. முப்பது வருடத்துக்கு மேலாக, காலையில் நீங்கள் கிளம்பியதில் இருந்து சாயங்காலம் திரும்பும்வரை அந்த வீட்டில் யாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வேலை நிறைய இருந்திருக்கும், ஆனால் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, பதினோரு மணிக்கு அக்காவுக்கோ தோழிக்கோ போன் போட்டு ஒரு மணி நேரம் பேசுவதா, மதியம் கொஞ்சம் படுப்பதா என்பதெல்லாம் அவர் இஷ்டம். எந்த அலுவலகத்திலும் நீங்கள் அனுபவித்திராத அளவு சுதந்திரம் அது (உங்களுக்கு மேலே எப்போதும் ஒருவர் இருந்திருப்பார் இல்லையா). இப்போது அந்த நேரம் முழுக்க ஒருவர் கூடத்தில் இருக்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாலும்கூட, பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு அவருக்கு இருக்கும், அதனால்தான் நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் இடைஞ்சலாகத் தெரிகிறீர்கள். நாற்காலி எந்த அறையில் இருந்தாலும் இது மாறாது.

‘யார் போன்ல?’, ‘எங்கே கிளம்பிட்ட?’, ‘எப்ப வருவ?’ என்று நீங்கள் கேட்பது பேச்சுக்கொடுக்கத்தான் என்று எனக்குத் தெரிகிறது. வேறு பேசுவதற்கு உங்கள் நாளில் எதுவும் நடக்கவில்லை, அதனால் அவர் நாளில் நடப்பதைக் கேட்கிறீர்கள். அவருக்கோ, இத்தனை வருடம் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் நடத்திய பொழுதுக்கு இப்போது தினமும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் வேலையும் கூடியிருக்கிறது. முன்பு மதியத்துக்கு இருந்ததைப் போட்டுச் சாப்பிட்டு முடித்தவர், இப்போது உங்களுக்காக மறுபடி அடுப்பைப் பற்றவைக்கிறார். உங்களுக்கு ஓய்வு வந்தது, அவருக்கு ஓய்வு வயது என்று ஒன்றை யாரும் வைக்கவில்லை. இதையெல்லாம் அவரால் நேரடியாகச் சொல்லவும் முடியாது. ‘நீங்கள் கொஞ்ச நேரம் வீட்டில் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும்’ என்பதை எப்படிச் சொன்னாலும் ‘போய்விடு’ என்றுதான் காதில் விழும். அதனால்தான் அது டப்பா, போன், நாற்காலி என்று வேறு வேறு சண்டையாக வருகிறது.

இப்போது உங்கள் பக்கம். 1930 வாக்கில் ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற சின்ன ஊரில், ஊருக்கே சோறு போட்ட துணி ஆலை மூடப்பட்டு ஏறக்குறைய எல்லோருக்கும் வேலை போனது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் என்ற சமூக ஆய்வாளர்கள் மூவரும் அவர்கள் குழுவும் அங்கே போய்ப் பார்த்து எழுதியது 1933ல் வெளியானது, எங்கள் துறையில் இன்றும் அதைப் படிக்கச் சொல்வார்கள். வேலை போன ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம் குறைந்திருந்தது, போகிற வழியில் அடிக்கடி நின்றார்கள். பலர் கடிகாரம் இல்லாமலே வெளியே வந்தார்கள். படிக்க நேரம் ஏராளமாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது கூடவில்லை, குறைந்தது. ஒன்றும் செய்யாத கணவர் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் நேரத்துக்கு வருவதில்லை என்று மனைவிகள் குறைப்பட்டார்கள். அந்தப் பெண்களுக்கு மட்டும் நாள் கலையவில்லை. ஆலை மூடினாலும் சமையல், துணி, குழந்தைகள் என்று அவர்களுடைய நேரம் அப்படியே கட்டுக்குள் இருந்தது, தெருவில் அவர்கள் வேகமாகவே நடந்தார்கள். ஒரே வீட்டில் ஒருவருக்கு நேரம் போகவில்லை, மற்றவருக்கு நேரம் போதவில்லை. உங்கள் வீட்டிலும் இப்போது அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு வேலை போகவில்லை, ஓய்வுதான் பெற்றீர்கள், பசியும் அவமானமும் இதில் இல்லை, அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் யஹோடா பிற்பாடு அதில் இருந்து எடுத்துச் சொன்ன ஒரு விஷயம் ஓய்வுக்கும் அப்படியே பொருந்துகிறது. வேலை நமக்குச் சம்பளத்தோடு வேறு ஐந்தும் தருகிறது, வாங்குகிறோம் என்று தெரியாமலே வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்றார். நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து செய்யும் காரியத்தில் ஒரு பங்கு, நான் இன்னார் என்ற இடம், சும்மா இருக்க விடாத கட்டாயம். ஓய்வு நாளன்று மாலை ஐந்தும் சேர்ந்து போய்விடுகின்றன. சம்பளத்துக்குப் பதிலாக ஓய்வூதியமோ சேமிப்போ என்று யோசித்து வைக்கிறோம், மற்ற ஐந்துக்கும் பதில் என்ன என்று யாரும் யோசிப்பதில்லை.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்றால், அந்த ஐந்தையும் ஒரே ஒருவரிடம் இருந்து எடுக்கப் பார்க்கிறீர்கள். அவருடைய சாப்பாட்டு நேரம் உங்கள் நேர ஒழுங்கு, அவருடைய போன் பேச்சு உங்களுக்கு வெளியுலகம், அவருடைய அலமாரி உங்கள் பணி, அதைத் திருத்துவது உங்கள் பதவி. ஒரு மனுஷி எப்படித் தாங்குவார்? உங்களிடம் தவறான எண்ணம் எதுவும் இல்லை, அதை நான் சந்தேகிக்கவில்லை. நாற்பது பேர் மேல் பரவியிருந்த கவனம் முழுவதும் ஏழு மாதமாக ஒருவர் மேல் விழுகிறது, அவ்வளவுதான்.

ஒரு தகவல், இது கொஞ்சம் தெம்பு தரலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஃபிலிஸ் மோயனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2001ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வேலையில் இருந்து ஓய்வுக்கு மாறுகிற காலத்தில்தான் தம்பதிகளுக்குள் உரசல் கூடுகிறது, மாறி முடித்து நிலைகொண்டவர்களிடம் மணவாழ்க்கை நிறைவு கூடுதலாகவே இருக்கிறது என்று கண்டார்கள். ஆனால் காலம் போகப்போகத் தானாகச் சரியாகும் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் பார்த்தவர்களில், நாள் ஒழுங்கை மாற்றாமல் பொறுத்துப்போனவர்கள் பொறுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

சரி, என்ன செய்வது? நீங்கள் பராமரிப்புப் பிரிவில் இருந்தவர் என்பதால் இது உங்களுக்குப் பழகிய வேலைதான். இயந்திரத்தைத் திறக்குமுன் அளவெடுப்பீர்கள் இல்லையா, அதைச் செய்யுங்கள். ஒரு நோட்டு எடுத்து ஒரு வாரம், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு மதிப்பெண், பூஜ்யத்தில் இருந்து பத்துவரை. ஒன்று, ஒரு காரியத்தைச் செய்து முடித்த நிறைவு எவ்வளவு. இன்னொன்று, எவ்வளவு பிடித்திருந்தது. உங்களுக்காக மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்க்கிறேன், அந்த நேரத்தில் மனைவியோடு ஏதாவது உரசல் வந்ததா என்பது. அந்த வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம், நல்ல பிள்ளையாக நடிக்கவும் வேண்டாம். ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் எல்லாமே ‘பரவாயில்லை’ என்று ஆகிவிடும், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுதிவிடுங்கள்.

என்ன வரும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். உங்களைப் போலவே பொறுப்பான பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் பதிவு நினைவுக்கு வருகிறது, அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். காலை ஒன்பது முதல் பத்தரை வரை செய்தித்தாள், நிறைவு இரண்டு, பிடித்தம் நான்கு. பத்தரையில் இருந்து பதினொன்றரை வரை எழுதியிருந்தது ‘சும்மா’, இரண்டிலும் ஒன்று, உரசல் உண்டு. அடுத்த நாளும் அதே நேரம் சும்மா, உரசல் உண்டு. மதியம் டி.வி., நிறைவு பூஜ்யம், பிடித்தம் மூன்று. அவர் நாளெல்லாம் சண்டை என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார், நோட்டில் பார்த்தால் உரசலில் முக்கால்வாசி காலை பத்தரையில் இருந்து பன்னிரண்டுக்குள் வந்தவை, அதாவது செய்தித்தாள் முடிந்து சாப்பாடு வராத இடைவெளி. மனைவிக்கு வேலை உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுவே. அவர் சமையலறை வாசலில் போய் நிற்பார், எதையாவது சொல்வார். இன்னொன்றும் தெரிந்தது. வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏதோ கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு மணி நேரத்துக்கு நிறைவு எட்டு, பிடித்தம் ஏழு போட்டிருந்தார். அதை அவர் என்னிடம் வாயால் சொல்லவே இல்லை, அதெல்லாம் ஒரு விஷயமா என்று விட்டிருந்தார்.

உங்கள் நோட்டிலும் இந்த இரண்டைத்தான் தேட வேண்டும், உரசல் எந்த மணியில் குவிகிறது, நிறைவு ஆறுக்கு மேல் போன வரிகள் எவை. ‘வாழ்க்கைக்கு அர்த்தம்’ என்று பெரிதாகத் தேடி உட்காராதீர்கள், அப்படி உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு அது கிடைத்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஆறுக்கு மேல் போன காரியத்தை எடுத்து, உரசல் குவிகிற மணியில் கொண்டுபோய் வையுங்கள், வீட்டுக்கு வெளியே, வாரத்தில் குறைந்தது மூன்று நாள். அந்த மனிதர் அதைத்தான் செய்தார். வாரம் மூன்று நாள் காலை பத்துக்குக் கிளம்பி, கற்றுக்கொள்ள ஆள் இருக்கிற ஓர் இடத்தில் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒரு மணிக்குத் திரும்பினார்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, நீங்கள் வராவிட்டால் யாராவது ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். நடைப்பயிற்சி உடம்புக்கு நல்லது, ஆனால் நீங்கள் போகாவிட்டால் பாதை கேட்காது, அதனால் அது மட்டும் போதாது, மூன்றாவது வாரம் நின்றுவிடும். உங்களிடம் இருக்கும் திறமை பழுது கண்டுபிடிப்பது. தொழில் கற்கும் இளைஞர்களுக்கு, சத்தத்தை வைத்தே தேய்ந்த பேரிங்கைக் கண்டுபிடிப்பது எப்படி என்று காட்டுகிற ஆள் எங்கும் குறைவுதான். ஆனால் போன முதல் மாதத்திலேயே நிர்வாகத்தைத் திருத்தக் கிளம்பாதீர்கள், தலைவர் செயலாளர் என்று பதவி கொடுத்தால் ஒரு வருடத்துக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். பதவி இல்லாமல் ஓர் இடத்தில் இருக்கத் தெரிவது உங்களுக்கு வீட்டிலும் உதவும். பழைய தொழிற்சாலைக்கு அடிக்கடி எட்டிப்பார்ப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நான்காம் முறை வேலை இருக்கிறது சார் என்பார்கள், வீடு திரும்பும்போது இன்னும் மோசமாக இருக்கும்.

வெளியே போகிற அந்த மூன்று மணி நேரம் அவருடையது. நடுவில் போன் போட்டு ‘என்ன பண்ற’ என்று கேட்டால் நீங்கள் வெளியே போகவே இல்லை என்று அர்த்தம். இதையும் ‘உனக்காகப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், எனக்கு வேலை இருக்கிறது, ஒரு மணிக்கு வருகிறேன் என்றால் போதும்.

வீட்டு வேலையில் உதவுவது பற்றி. உதவாதீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உதவுவதற்குப் பதில் ஏதாவது ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். ஒரு வீட்டு வேலையில் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். துணி துவைப்பதை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்தில் போட்டு எடுப்பது அதில் ரொம்பச் சின்னப் பகுதி. சோப்புத்தூள் நாலு நாளில் தீரும் என்று பார்த்து வாங்கிவைப்பது, சாயம் போகிறதைத் தனியாகப் பிரிப்பது, பையில் என்ன இருக்கிறது என்று துழாவுவது, மழை வரும்போல் இருந்தால் இன்று போடுவதா நாளைக்கா என்று முடிவெடுப்பது, காய்ந்ததை எடுத்து மடித்து அவரவர் அலமாரியில் வைப்பது, வெள்ளிக்கிழமை ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டும், அதற்குரிய உடை தயாரா என்று புதன்கிழமையே நினைத்துக்கொள்வது, எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வேலை. ‘சொல்லு, செய்கிறேன்’ என்று நீங்கள் நின்றால் நினைக்கிற பகுதி அவரிடமே இருக்கிறது, கூடவே உங்களை வேலை வாங்குகிற வேலையும் சேர்ந்துகொள்கிறது. நீங்கள் நாற்பது பேரை வேலை வாங்கியவர், அது எவ்வளவு அலுப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒரே ஒரு வேலை, தொடக்கம் முதல் முடிவு வரை. எது என்பதை அவர் சொல்லட்டும். பெரும்பாலும் தனக்குப் பிடிக்காத ஒன்றைத்தான் கொடுப்பார், வாங்கிக்கொள்ளுங்கள். சமையலறை மட்டும் வேண்டாம், அவரே அழைக்கும்வரை. ஆரம்பத்தில் நீங்கள் இரண்டு துணியைச் சாயம் ஏற்றிக் கெடுப்பீர்கள், அவர் ‘விடுங்க, நானே பார்த்துக்கறேன்’ என்று பிடுங்க வருவார். அந்த இடத்தில்தான் பல வீடுகளில் இந்த முயற்சி நின்றுபோகிறது. ஒரு மாதம் யாரும் யார் வேலையையும் திருத்துவதில்லை என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள், இது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

இதையெல்லாம் அவரிடம் எப்போது பேசுவது? சண்டை முடிந்த அன்று வேண்டாம், சமையலறையில் அவர் கை வேலையாக இருக்கும்போதும் வேண்டாம். இருவரும் சேர்ந்து நடக்கும்போதோ எங்காவது போய்க்கொண்டிருக்கும்போதோ சுலபம், முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நேரத்தில் வீடு உனக்கு மட்டும் வேண்டும்? எந்த வேலையை நான் முழுதாக எடுத்துக்கொள்ளட்டும்? நாள் முழுக்க நான் செய்வதில் உனக்கு ரொம்ப எரிச்சல் தருவது எது? மூன்றாவதற்கு வரும் பதில் வலிக்கும். அப்போது ‘உன் நல்லதுக்குத்தானே செய்தேன்’ என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள், விளக்கமும் தராதீர்கள், சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கம் தர ஆரம்பித்த நொடியில் அவர் இனி சொல்லமாட்டார்.

அவர் ‘அதெல்லாம் ஒண்ணும் இல்ல’ என்று முடித்துவிடலாம், முதல்முறை கேட்கும்போது அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இத்தனை மாதம் சண்டை போட்டவர் திடீரென்று கேள்வி கேட்டால் யாருக்கும் நம்பிக்கை வராது. தொடர்ந்து நோண்டாமல், நீங்களே ஒன்றை முன்வைத்துவிடுங்கள், ‘திங்கள், புதன், வெள்ளி பத்து முதல் ஒன்றுவரை நான் வெளியே இருப்பேன்’ என்று. இரண்டு மூன்று வாரம் அது தவறாமல் நடந்த பிறகு மறுபடி கேட்டால் பதில் வரும். அதோடு, அவர் வெளியே கிளம்பும்போது எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டு உங்கள் நாளில் நடந்ததை நீங்கள் சொல்ல ஆரம்பியுங்கள். வெளியே போய்வந்தால் சொல்ல ஏதாவது இருக்கும். இந்தப் பக்கம் செய்தி வந்தால்தான் அந்தப் பக்கத்தில் இருந்தும் கேட்காமல் வரும்.

நான் சொன்னது எதுவும் வேலைக்கு ஆகாத ஒரு சந்தர்ப்பம் உண்டு. வேலையில் இருந்த காலத்திலும் நீண்ட விடுமுறைகள் எல்லாம் சண்டையில்தான் முடிந்தனவா என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால், இது ஓய்வு கொண்டுவந்த பிரச்சினை இல்லை, இத்தனை வருடம் உங்கள் வேலை நேரம் அதை மூடிவைத்திருந்தது. நேர அட்டவணை போட்டு அதைத் தீர்க்க முடியாது, இருவரும் சேர்ந்து ஒரு தம்பதி ஆலோசகரைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு அறிகுறி எனக்குத் தெரியவில்லை, ஆனால் அதை என்னைவிட உங்கள் மனைவி சரியாகச் சொல்வார்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு வாரம் அதே நோட்டில் அதே மாதிரி எழுதுங்கள். பழைய வாரத்தையும் புதிய வாரத்தையும் பக்கத்தில் வைத்து, உரசல் கட்டம் எத்தனை குறைந்திருக்கிறது, நிறைவு ஆறைத் தாண்டிய வரிகள் எத்தனை கூடியிருக்கின்றன என்று எண்ணுங்கள். முதலாவது குறைந்து இரண்டாவது கூடாமல் இருந்தால் நீங்கள் வீட்டைவிட்டு விலகி மட்டும் இருக்கிறீர்கள் என்று பொருள், இடத்தை மாற்றிப் பாருங்கள். இரண்டுமே அப்படியே இருந்தால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஆலோசகரிடம் நேரில் போங்கள், முடிந்தால் இருவருமாக.